ரீஃபண்ட் பற்றி ஒரே வாக்கியம், ஐந்து வெவ்வேறு தொகைகள்

கேள்வி: நாங்கள் ஒரு ஆன்லைன் கற்றல் தளம் நடத்துகிறோம். நேரலை வகுப்புகள் இருக்கின்றன, பதிவு செய்த பாடங்களும் மாதச் சந்தாவும் உண்டு. "வகுப்பு தொடங்கிய 7 நாட்களுக்குள் நியாயமான காரணத்துடன் கேட்டால் முழு ரீஃபண்ட், அதன்பின் பயன்பாட்டின் விகிதப்படி ரீஃபண்ட்" என்று கொள்கையில் எழுதியிருக்கிறோம். கொஞ்சம் தாராளமான கொள்கைதான். ஆனாலும் மாதாமாதம் நாலைந்து பேராவது சண்டைக்கு வருகிறார்கள், சிலர் நேராக வங்கிக்கே போய்விடுகிறார்கள். தகராறு வராதபடி இதை எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் கொள்கை தாராளமாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரே வரியைப் படித்துவிட்டு மாணவர் ஒரு தொகையும், உங்கள் சப்போர்ட் ஊழியர் இன்னொரு தொகையும் கணக்குப் போட முடிகிறது. இருவருமே நேர்மையாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். பில்லிங் புகார்களைப் பல வருடம் கையாண்டதில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின. ஏமாற்ற நினைப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சிலர்தான். அதனால் இந்தப் பதிலில் கொள்கையின் எல்லாப் பகுதிகளையும் தொடப்போவதில்லை. பாதியில் விலகும் மாணவருக்கு எவ்வளவு திரும்பும் என்ற இடத்தில்தான் அதிகம் நிற்கப்போகிறேன். அப்புறம் சந்தா புதுப்பிப்பைப் பற்றியும், விஷயம் வங்கிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியும் சொல்கிறேன்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வாரம் இரண்டு வீதம் 12 வாரத்தில் 24 நேரலை வகுப்புகள். அறிவித்த கட்டணம் 18,000. கூப்பனில் 20 சதவீதம் குறைந்து அவருக்கு 14,400 ஆனது. அதை மூன்று தவணையாக, மாதம் 4,800 வீதம் கட்ட ஒப்புக்கொண்டார். முதல் தவணையை 1ஆம் தேதி கட்டினார், வகுப்பு 10ஆம் தேதி தொடங்கியது. அடுத்த மாதம் 1ஆம் தேதி இரண்டாம் தவணையும் போனது. ஆக இதுவரை கட்டியது 9,600. அந்த மாதம் 7ஆம் தேதி இரவு "என்னால் தொடர முடியவில்லை, ரீஃபண்ட் வேண்டும்" என்று மெயில் அனுப்புகிறார். அதுவரை 8 வகுப்புகள் நடந்திருந்தன, அவர் வந்தது 3 வகுப்புக்கு. உங்கள் ஊழியர் அந்த மெயிலை 9ஆம் தேதி திறக்கிறார். இடையில் இன்னொரு வகுப்பும் முடிந்துவிட்டது.

"பயன்பாட்டின் விகிதப்படி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாணவி சொல்கிறார்: நான் வந்தது 3 வகுப்பு. ஒரு வகுப்புக்கு 600 வீதம் 1,800. கட்டியது 9,600, எனக்கு 7,800 வரவேண்டும்.

ஓர் ஊழியர் சொல்கிறார்: கூப்பன் சலுகை முழுப் படிப்பையும் முடிப்பவர்களுக்குத்தான். பாதியில் போனால் அறிவித்த கட்டணத்தில்தான் கணக்கு. 18,000க்கு 8 வகுப்பின் மதிப்பு 6,000. திரும்புவது 3,600.

இன்னொருவர் சொல்கிறார்: 24இல் 16 வகுப்பு மீதி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கட்டிய 9,600இல் மூன்றில் இரண்டு பங்கு 6,400.

மெயிலைத் திறந்தவர் சொல்கிறார்: இன்றுவரை 9 வகுப்பு நடந்துவிட்டது. 9 வகுப்புக்கு 5,400 போக 4,200.

கணக்குப் பிரிவில் இருப்பவர் சொல்கிறார்: ஒப்புக்கொண்ட கட்டணம் 14,400. கோரிக்கை வந்தபோது 8 வகுப்பு நடந்திருந்தது, அதன் மதிப்பு 4,800. கட்டியது 9,600. திரும்புவது 4,800, மூன்றாம் தவணை ரத்து.

7,800, 6,400, 4,800, 4,200, 3,600. ஐந்துமே "விகிதப்படி" என்ற சொல்லுக்குள் அடங்குகின்றன. மாணவி 7,800ஐ மனதில் வைத்திருக்கும்போது 3,600 வந்தால், பாதிப் பணத்தை நீங்கள் திருடிவிட்டதாகத்தான் நினைப்பார். வங்கிக்குப் போவது அந்தக் கோபத்தில்தான்.

ஆக, கொள்கையில் தீர்க்க வேண்டிய கேள்விகள் நான்குதான்: எந்தத் தொகையிலிருந்து கழிப்பது, எதைப் "பயன்படுத்தியது" என்று எண்ணுவது, எந்த நேரத்தோடு எண்ணுவதை நிறுத்துவது, நாட்கணக்கை எங்கே தொடங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் இருந்தால் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடாது.

தொகையைப் பொறுத்தவரை என் பரிந்துரை, தள்ளுபடி போக மாணவர் ஒப்புக்கொண்ட மொத்தக் கட்டணத்தையே அடிப்படையாக வையுங்கள். "விலகினால் கூப்பன் சலுகை செல்லாது" என்ற விதியைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. பணம் கட்டும் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் அதில் தவறு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தரும் வருமானத்தைவிட வாங்கிக் கொடுக்கும் சண்டை அதிகம். மாணவரின் ரசீதில் 18,000 என்ற எண்ணே இருக்காது. ரசீதில் இல்லாத எண்ணை வைத்து ரீஃபண்ட் கணக்குப் போட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

6,400 சொன்னவரின் தவறு கொஞ்சம் நுட்பமானது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டியவருக்கு "கட்டிய தொகையில் மீதி வகுப்புகளின் பங்கு" என்பது சரியாகவே வரும். தவணையில் கட்டியவருக்குத் தவறாக வரும், ஏனென்றால் அவர் கட்டியது முழுப் படிப்புக்கான பணம் இல்லை. இந்தச் சூத்திரத்தை அப்படியே வைத்திருந்தால், தவணைக்காரர் 8 வகுப்புக்கு 3,200 மட்டும் கொடுத்துவிட்டுப் போவார், முழுதும் கட்டியவர் அதே 8 வகுப்புக்கு 4,800 கொடுப்பார். இரண்டு பேரும் நண்பர்களாக இருந்துவிட்டால் அடுத்த மெயில் உங்களுக்குத்தான். இருவருக்கும் ஒரே மாதிரி பொருந்துவது இதுதான்:

```
ரீஃபண்ட் = இதுவரை கட்டியது − (ஒப்புக்கொண்ட கட்டணம் × நடந்த வகுப்புகள் ÷ மொத்த வகுப்புகள்)
```

இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகவும் வாய்ப்பு உண்டு. முதல் தவணை மட்டும் கட்டிய ஒருவர் பத்தாவது வகுப்புக்குப் பிறகு விலகினால் கணக்குப்படி அவர்தான் 1,200 தர வேண்டியிருக்கும். அதைக் கேட்பீர்களா மாட்டீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். நான் எழுதும் கொள்கைகளில் "விலகிய பிறகு மாணவரிடம் கூடுதல் தொகை கேட்கப்படாது, மீதித் தவணைகள் எடுக்கப்படாது" என்று சேர்த்துவிடுவேன். விலகியவரின் கார்டில் அடுத்த தவணை எடுக்கப்படுவதைப் போல வங்கியில் எளிதாகத் தோற்கிற வழக்கு வேறில்லை.

அடுத்தது, எதை எண்ணுவது. நேரலை வகுப்பில் நடந்த வகுப்பைத்தான் எண்ண வேண்டும், வந்த வகுப்பை எண்ணக்கூடாது என்பது என் கருத்து. ஆசிரியர் வந்துவிட்டார், இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது, பதிவும் மாணவருக்குக் கிடைக்கிறது. ஆனால் இது மாணவருக்குத் தானாகத் தோன்றும் விஷயம் இல்லை. வராத வகுப்புக்கு எதற்குப் பணம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆகவே வெளிப்படையாகவே எழுதுங்கள்: "நீங்கள் கலந்துகொண்டீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது, நடந்த வகுப்புகள் கணக்கில் வரும். நாங்கள் ரத்து செய்து மறுபடி நடத்தாத வகுப்புகள் நடந்ததாக எண்ணப்படாது." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் பாதியின் கறாரைப் படிக்கிறவர் ஏற்றுக்கொள்வதே இரண்டாம் பாதியால்தான்.

பதிவு செய்த பாடங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே எத்தனை பாடத்தைத் திறந்தார் என்று எண்ண ஆரம்பித்தால் "தெரியாமல் கிளிக் செய்தேன்" என்ற வாதம் வரும். அது பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஒரு பாடம் எப்போது பார்த்ததாகக் கணக்காகும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பாதிக்கு மேல் ஓடியிருந்தாலோ, அதன் கோப்பைத் தரவிறக்கியிருந்தாலோ பார்த்தது என்று வைக்கலாம். அதற்கு மேல் விகிதக் கணக்குக்குப் போகாமல், குறித்த நாட்களுக்குள் கேட்டு, ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் பார்த்திருந்தால் முழுப் பணம், தாண்டினால் இல்லை என்று நிறுத்திக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் கட்டாயம்: அந்தப் பங்கு எவ்வளவு ஆகியிருக்கிறது என்பது மாணவரின் கணக்குப் பக்கத்தில் எப்போதும் தெரிய வேண்டும். "100 பாடங்களில் 14 பார்த்திருக்கிறீர்கள், 20ஐ எட்டும் வரை, 14ஆம் நாள் முடியும் வரை முழு ரீஃபண்ட் கேட்கலாம்" என்று திரையில் ஒரு வரி. உங்களிடம் மட்டும் இருக்கும் எண்ணை வைத்து மறுத்தால், மறுத்த பிறகு அதை நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

மூன்றாவது, எந்த நேரத்தோடு நிறுத்துவது. இதற்குப் பதில் சுலபம்: கோரிக்கை அனுப்பப்பட்ட நேரம். நீங்கள் பார்த்த நேரமோ முடிவெடுத்த நேரமோ கணக்கில் வரக்கூடாது. உங்கள் தாமதத்துக்கு மாணவர் பணம் கட்டுவது நியாயமில்லை. மெயில், படிவம், சாட் எதில் கேட்டாலும் அது கோரிக்கைதான் என்று எழுதுங்கள். "படிவத்தில் கேட்டால்தான் செல்லும்" என்று சொல்லிவிட்டு, மாணவர் மூன்று மெயில் அனுப்பிய பிறகு நாள் கடந்துவிட்டது என்று மறுத்த கதைகள் எனக்குத் தெரியும். வங்கியில் அந்த மூன்று மெயில்களும் மாணவரின் சாட்சியம் ஆகிவிடும். பல நாடுகளிலிருந்து படிக்கிறார்கள் என்றால், "14ஆம் நாள்" எந்த நேர மண்டலத்தில் முடிகிறது என்பதையும் குறிப்பிடுங்கள். இன்னும் நல்லது, கடைசித் தேதியையும் மணியையும் ரசீதிலேயே அச்சடித்து அனுப்பிவிடுவது. மாணவர் நாளெண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

நான்காவது கேள்வியில் நானே அடிபட்டிருக்கிறேன். முன்பு வேலை செய்த ஒரு தளத்தில் எங்கள் வரியும் உங்களுடையது போலவே "வகுப்பு தொடங்கிய 7 நாட்களுக்குள்" என்றுதான் இருந்தது. ஒரு பேட்சில் சனிக்கிழமை அறிமுகக் கூட்டம் நடந்தது. ஆசிரியர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், பாடத்திட்டத்தைக் காட்டினார், அவ்வளவுதான். முதல் பாடம் அடுத்த வியாழன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவி, இந்த வேகம் எனக்கு ஒத்துவராது, பணம் வேண்டும் என்று எழுதினார். எங்கள் கணினியில் பேட்ச் தொடங்கிய தேதி சனிக்கிழமை என்று பதிவாகியிருந்ததால் 8 நாள் ஆகிவிட்டது, முடியாது என்றோம். "வகுப்பு வியாழக்கிழமைதானே தொடங்கியது, இன்றைக்கு மூன்று நாள்தானே ஆகிறது" என்று கேட்டார். அவர் சொன்னது தமிழில் அந்த வாக்கியத்துக்கு இருக்கும் இயல்பான பொருள். நாங்கள் அறிமுகக் கூட்டமும் வகுப்புதான் என்று வாதாடிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் வங்கியில் புகார் கொடுத்தார், நாங்கள் தோற்றோம். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நல்ல மாணவியை இரண்டு வாரம் அலைக்கழித்தோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் "தொடங்கிய" என்ற சொல்லைத் தனியாக விடுவதே இல்லை. அட்டவணையில் எண் 1 என்று குறிக்கப்பட்ட வகுப்பின் தொடக்க நேரத்திலிருந்து என்று எழுதுவேன். அறிமுகக் கூட்டத்துக்கு எண் கிடையாது. பேட்ச் தொடங்கிய பிறகு சேருபவருக்கு, அவர் சேர்ந்த பிறகு வரும் முதல் வகுப்பிலிருந்து நாள் தொடங்கும். அவருக்கு மொத்த வகுப்புகள் என்பதும் அன்றிலிருந்து மீதமிருப்பவைதான்.

இப்போது "நியாயமான காரணம்". இதை எடுத்துவிடுங்கள். முழு ரீஃபண்ட் காலத்தில் காரணம் கேட்கத் தேவையில்லை. காரணம் கேட்டால் யாரோ அதை எடைபோட வேண்டும், இரண்டு ஊழியர்கள் இரண்டு விதமாக எடைபோடுவார்கள், மாணவர்கள் தங்கள் நோயையும் வீட்டுக் கஷ்டத்தையும் முன்பின் தெரியாதவரிடம் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அது அவர்களை அவமானப்படுத்துகிறது. காலம் கடந்தவர்களில் உண்மையான கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு வழி வையுங்கள். ஒரு தடவை மட்டும், காரணம் கேட்காமல், அடுத்த பேட்சுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது பல பேருக்குப் போதுமானதாக இருக்கும். பணம் கேட்பவர்களில் கணிசமானவர்கள் உண்மையில் கேட்பது நேரத்தைத்தான். ஆனால் பணம் திரும்பப் பெற உரிமை உள்ளவரை இந்த மாற்றத்துக்குள் தள்ளக்கூடாது. அவர் 4,800 கேட்டால் முதலில் 4,800 உறுதி என்று சொல்லுங்கள், விருப்பமிருந்தால் பேட்ச் மாறலாம் என்பதை அதன் பிறகு சொல்லுங்கள்.

முழு ரீஃபண்ட் காலம் எத்தனை நாள் என்பது உங்கள் முடிவு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாணவர்கள் வருகிறார்கள் என்றால் 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறைப்படி, தொலைவிலிருந்து செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை பொதுவாக உண்டு. அந்த 14 நாட்களுக்குள்ளேயே சேவையைத் தொடங்கச் சொல்லி மாணவர் வெளிப்படையாகக் கேட்டிருந்தால், நடந்த பகுதிக்கான பணத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பதிவு செய்த பாடம் போன்ற டிஜிட்டல் உள்ளடக்கத்தில், உடனே திறந்துவிட மாணவர் முன்கூட்டியே சம்மதித்து, அதனால் விலகும் உரிமை போகும் என்பதையும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமை முடிகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கொள்கை எழுதிப் பராமரிப்பது பெரிய தலைவலி. எல்லாருக்குமே 14 நாள் என்று வைத்துக்கொள்வது எளிது. இந்தப் பகுதியை மட்டும் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், உள்ளூர்ச் சட்டம் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம்.

சரி, சந்தாவுக்கு வருவோம். அங்கே கணக்குச் சிக்கல் குறைவு, அதிர்ச்சிதான் அதிகம். மறந்துபோன சந்தா புதுப்பிக்கப்பட்டு, பணம் போன செய்தி போனில் வரும்போதுதான் ஞாபகம் வருகிறது. இதில் கொள்கையின் வாசகத்தைவிட நீங்கள் முன்கூட்டி அனுப்பும் ஒரு மெயில் அதிகம் வேலை செய்யும். இலவசச் சோதனைக் காலமோ அறிமுகச் சலுகையோ முடிந்து பணம் எடுக்கத் தொடங்கும்போது, குறைந்தது 7 நாள் முன்னதாக நினைவூட்ட வேண்டும், அதிலேயே ரத்து செய்யும் இணைப்பு இருக்க வேண்டும் என்று கார்டு நிறுவனமான விசா 2020 ஏப்ரல் முதல் விதி வைத்திருக்கிறது. அந்த விதி பொருந்தாத ஆண்டுச் சந்தாவுக்கும் அதையே செய்யுங்கள். நினைவூட்டினால் ஆட்கள் விலகிவிடுவார்களே என்று விற்பனைப் பிரிவு சொல்லும். அப்படி விலகுபவர்கள்தான் நினைவூட்டாவிட்டால் புகார் கொடுப்பவர்கள்.

வாசகத்தில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். "ரத்து" என்ற ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கும் பயன்படுத்துகிறோம். நாம் சொல்வது அடுத்த மாதம் பணம் எடுக்கப்படாது என்று. மாணவர் புரிந்துகொள்வது இந்த மாதப் பணமும் திரும்பி வரும் என்று. பட்டனில் "அடுத்த புதுப்பிப்பை நிறுத்து" என்றே போடுங்கள். அழுத்தியதும் "இனிப் பணம் எடுக்கப்படாது. இந்த மாதம் 30ஆம் தேதி வரை பாடங்களைப் பார்க்கலாம். இந்த மாதக் கட்டணம் திரும்பாது" என்று திரையிலும் மெயிலிலும் காட்டுங்கள். கூடவே ஒரு விலக்கு வையுங்கள்: புதுப்பித்து 7 நாட்களுக்குள் கேட்டு, புதுப்பித்த பிறகு ஒரு தடவைகூட உள்நுழையவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும். உள்நுழைந்த பதிவு இருக்கிறதா இல்லையா என்று இருவருமே பார்த்துக்கொள்ளலாம், அதில் வாதத்துக்கு இடமில்லை.

இதோடு தொடர்புடைய சிறிய விஷயம் ஒன்று, பலர் கவனிப்பதில்லை. வங்கி அறிக்கையில் உங்கள் பெயர் எப்படி வருகிறது என்று உங்கள் சொந்தக் கார்டில் ஒரு தடவை பணம் கட்டிப் பாருங்கள். தளத்தின் பெயர் ஒன்று, பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறொன்று என்றால் அறிக்கையில் நிறுவனத்தின் பெயர்தான் வரக்கூடும். மாணவர் இது யார் என்று தெரியாமல் மோசடி என்று புகார் கொடுத்துவிடுவார். அந்தப் பெயரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் "உங்கள் வங்கி அறிக்கையில் இந்தப் பெயரில் தெரியும்" என்று ரசீதில் எழுதுங்கள்.

வங்கிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதினால் கொள்கை வேறு மாதிரி வரும். மாணவர் தனக்குக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுக்கிறார். அந்த வங்கி பணத்தைத் திரும்ப எடுக்கிறது, அது உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது, கூடவே ஒரு கட்டணமும் போகும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறோம். விசாவில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. பின்னால் நடக்க வேண்டிய சேவை என்றால் அந்த 120 நாள், சேவை கிடைக்கும் என்று எதிர்பார்த்த கடைசித் தேதியிலிருந்து ஓடும், பணம் கட்டியதிலிருந்து அதிகபட்சம் 540 நாள் வரை. 12 வாரப் படிப்புக்கு இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். "7 நாளுக்குப் பிறகு எதுவும் கிடையாது" என்று எழுதிவிட்டதால் எட்டாவது நாள் கதவு மூடிவிடாது.

அங்கே நீங்கள் காட்ட வேண்டியது, பணம் கட்டும் முன்பே மாணவர் இந்த விதியைப் பார்த்தார் என்பது. தளத்தின் அடியில் இருக்கும் இணைப்பு மட்டும் போதாது. ரீஃபண்டில் கட்டுப்பாடு இருந்தால் அது பணம் கட்டும் வழியில், கடைசிப் பட்டனுக்கு அருகிலோ, ஒப்புக்கொள்வதாக அழுத்தும் இடத்திலோ இருக்க வேண்டும் என்று விசா எதிர்பார்க்கிறது. முழுக் கொள்கையையும் அங்கே கொட்ட வேண்டாம். 24 வகுப்பில் 12ஆவதோடு ரீஃபண்டை நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், நான்கே வரி போதும்:

"முதல் வகுப்பிலிருந்து 14 நாள் வரை முழுப் பணமும் திரும்பும், காரணம் தேவையில்லை. அதன்பின் 12ஆம் வகுப்பு தொடங்கும் வரை, நீங்கள் கட்டிய பணத்தில், கோரிக்கை அனுப்பிய நேரம் வரை நடந்த வகுப்புகளுக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட கட்டணப்படி ஆகும் தொகை போக மீதி திரும்பும். நீங்கள் வராத வகுப்பும் நடந்த வகுப்பே. 12ஆம் வகுப்பு தொடங்கிய பிறகு பணம் திரும்பாது, மீதித் தவணைகளும் எடுக்கப்படாது."

இதன் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி. டிக் போட்ட தேதி, நேரம், கொள்கையின் எந்தப் பதிப்பு என்பதைச் சேமித்து வையுங்கள். பதிப்பைச் சேமிப்பது முக்கியம். கொள்கையை நீங்கள் மாற்றினால் மாற்றிய பிறகு சேர்ந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். பழைய மாணவர் எதை ஒப்புக்கொண்டார் என்பதை ஒரு வருடம் கழித்தும் எடுத்துக்காட்ட முடிய வேண்டும்.

புகார் ஒன்று வங்கி வழியாக வந்துவிட்ட பிறகு, நல்லெண்ணத்தில் நீங்களாக ரீஃபண்ட் அனுப்பிவிடாதீர்கள். வங்கி ஏற்கெனவே பணத்தை எடுத்திருக்கும், நீங்களும் அனுப்பினால் இரண்டு தடவை போய்விடும். அந்த நிலையில் மாணவர் சொல்வது சரி என்று தோன்றினால் புகாரை ஏற்றுக்கொண்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

ரீஃபண்ட் அனுப்பியும் புகார் வருவது இன்னொரு வகை. ஊழியர் "ரீஃபண்ட் ஆகிவிட்டது" என்று எழுதுகிறார், மாணவர் மறுநாள் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கார்டு ரீஃபண்ட் போய்ச்சேர 5 முதல் 10 வேலை நாட்கள் வரை ஆவது வழக்கம். கொள்கையில் இரண்டு காலத்தையும் பிரித்து எழுதுங்கள்: நாங்கள் அனுப்ப 3 வேலை நாள், அதன்பின் உங்கள் வங்கி வரவு வைக்க 10 வேலை நாள் வரை. அனுப்பியதும் தொகை, தேதியோடு, கார்டு ரீஃபண்டுக்கு உரிய ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணையும் மாணவருக்கு மெயிலில் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் அவருடைய வங்கியால் பணம் எங்கே இருக்கிறது என்று தேட முடியும். பெரும்பாலான கட்டணச் சேவைகளில் அது ரீஃபண்ட் அனுப்பிய சில நாட்களில் தெரியும், அப்போது இன்னொரு மெயில் போட்டால் போதும்.

எழுதி முடித்ததும் வெளியிடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தில் இல்லாத மூன்று பேரிடம் அந்த நான்கு வரியையும், மேலே நான் சொன்ன மாணவியின் விவரத்தையும் கொடுத்து, அவருக்கு எவ்வளவு திரும்பும் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். மூன்று பேரும் 4,800 என்று எழுதினால் வெளியிடலாம். யாராவது 7,800 என்று எழுதினால், எந்த வார்த்தை அவரை அங்கே கொண்டுபோனது என்று கேட்டு, அந்த வார்த்தையை மாற்றிவிட்டு, வேறு மூன்று பேரிடம் கொடுங்கள்.